வாங்கும் விதி மட்டும் இருந்த என் முதல் ஸ்ட்ராடஜி, 40,000 ரூபாய் செலவில்

2024 மே மாதம் என் ஸ்ட்ராடஜி ஒரே வரிதான். ஒரு பங்கு தன் 20 நாள் உச்ச விலையை உடைத்தால் வாங்கு. அவ்வளவுதான். இரண்டு லட்சம் ரூபாய் சேமிப்பு, ஒரு டிமேட் கணக்கு, மொபைலில் சார்ட். ஏப்ரலிலும் மே மாதத்திலும் சின்னச் சின்னதாக லாபம் வந்தது. மூன்று சதவீதம் ஏறினால் விற்றுவிடுவேன். ஏறும் சந்தையில் யார் வாங்கினாலும் ஏறும் என்பது அப்போது தெரியவில்லை.

ஜூன் 1 சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தல் எக்ஸிட் போல் வந்தது. திங்கள் காலை, ஜூன் 3, சந்தை திறக்கும்போதே துள்ளியது. நிஃப்டி அன்று மட்டும் 733 புள்ளிகள் ஏறி 23,263-இல் முடிந்தது. என் விதிப்படி பார்த்தால் அன்று பட்டியலில் பாதிப் பங்குகள் 20 நாள் உச்சத்தை உடைத்திருந்தன. நான்கு எடுத்தேன். பங்குக்கு 50,000 ரூபாய். இரண்டு அரசு வங்கி, ஒன்று மின்துறை, ஒன்று ரயில்வே சம்பந்தப்பட்டது. நான்கும் பொதுத்துறை. காலையிலேயே வாங்கியதால், உடைபட்ட உச்சத்துக்கு மேலே நல்ல தூரம் போன பிறகுதான் கையில் கிடைத்தன.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நிஃப்டி 21,884-இல் முடிந்தது. ஒரே நாளில் 1,379 புள்ளிகள், கிட்டத்தட்ட ஆறு சதவீதம். நடுவில் 21,281 வரை போய் வந்தது. அடி அதிகம் விழுந்தது பொதுத்துறைப் பங்குகளுக்குத்தான். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு மேசைக்கு அடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு மேல் கை தாங்கவில்லை. இரண்டை விற்றேன். ஒரு லட்சத்துக்கு 77,000 வந்தது. மற்ற இரண்டையும் விற்க மனது வரவில்லை. 'இது நல்ல கம்பெனி, நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன். வாங்கும்போது அப்படி ஒரு எண்ணமே கிடையாது.

மூன்றே நாளில், ஜூன் 7 அன்று, நிஃப்டி ஜூன் 3-ஐவிட மேலே போய் முடிந்தது. விற்ற இரண்டில் ஒன்று நான் வாங்கிய விலைக்கே அந்த மாதத்துக்குள் திரும்பியது. வைத்திருந்த இரண்டில் ஒன்று போட்ட காசுக்கு வந்ததும் விற்று வெளியே வந்தேன். மற்றொன்று ஏறாமல் தேய்ந்துகொண்டே போய், நவம்பரில் 33,000 ரூபாய்க்குப் போனது. 23,000, அப்புறம் 17,000, ஆக 40,000. வீட்டில் சொல்லவில்லை. மனைவி கேட்டபோது 'கொஞ்சம் இறங்கியிருக்கு' என்று சொல்லி வைத்தேன். பணத்தைவிட அந்தப் பொய்தான் ராத்திரியில் உறுத்தியது.

ஜூலையில் உட்கார்ந்து யோசித்தபோது புரிந்த விஷயம் இது. ஒரே விதியில் வாங்கிய நான்கு பங்குகள், மூன்று விதமான முடிவுகள். இதிலிருந்து என் ஸ்ட்ராடஜி நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமா? முடியாது. விற்றது பயத்தில், வைத்திருந்தது வெட்கத்தில். வாங்கியது மட்டும்தான் விதிப்படி. மீதி எல்லாம் அந்தந்த நேரத்து மனநிலை. அந்த மனநிலையைத் திரும்பச் செய்து பார்த்துச் சோதிக்கவும் முடியாது.

அதனால் ஒரு முழுத்தாள் எழுதினேன். பலர் நினைப்பதற்கு நேர்மாறாக, வாங்கும் விதியைக் கடைசியில் எழுதினேன். முதலில் எங்கே தவறு என்று ஒத்துக்கொண்டு வெளியே வருவேன் என்பது தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் எத்தனை பங்கு வாங்கலாம் என்ற கணக்கே போட முடியும்.

வெளியேறுவதிலிருந்து தொடங்குகிறேன். இதில் இரண்டு வழிகள் எழுதியிருக்க வேண்டும். ஒன்று கணிப்பு பொய்த்தால், மற்றொன்று கணிப்பு பலித்தால். பொய்த்தால் எங்கே என்பதற்கு நான் எடுத்துக்கொண்டது ஏடிஆர். ஒரு பங்கு சராசரியாக ஒரு நாளில் எவ்வளவு ரூபாய் மேலும் கீழும் ஆடுகிறது என்பதன் அளவு அது. சார்ட்டில் ATR என்று தேடினால் வரும், 14 நாள் என்பது அதில் வழக்கமான அமைப்பு. வாங்கிய விலைக்குக் கீழே இரண்டு ஏடிஆர் தூரத்தில் ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு விற்றுவிடும் விலை. ஏன் வெறுமனே ஐந்து சதவீதம் என்று வைக்கக் கூடாது? ஒரு பங்கு தினமும் ஐந்து சதவீதம் ஆடும் சுபாவம் உள்ளதென்றால், ஒன்றுமே நடக்காத நாளில்கூட அந்த ஸ்டாப் அடிபடும். மெதுவாக நகரும் பங்குக்கு அதே ஐந்து சதவீதம் ரொம்பத் தாமதம்.

பலித்தால், கடந்த 10 வர்த்தக நாட்களின் மிகக் குறைந்த விலைக்குக் கீழே ஒரு நாள் முடிந்தால், மறுநாள் காலை விற்பது. லாபத்துக்கு இலக்கு வைக்கவில்லை. இதற்குக் காரணம் உண்டு. உச்சத்தை உடைக்கும்போது வாங்கும் முறையில் பாதிக்கு மேல் தோற்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். பத்தில் ஆறு தோற்று ஒவ்வொன்றிலும் 1,600 ரூபாய் போனால் 9,600 நஷ்டம். நான்கு ஜெயித்து ஒவ்வொன்றிலும் 4,000 வந்தால் 16,000. மிச்சம் 6,400, அதில் பரிவர்த்தனைச் செலவு போக. அந்த நான்கையும் மூன்று சதவீதத்தில் விற்றுவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது. ஏப்ரல், மே மாதங்களில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், லாபம் என்று மகிழ்ந்துகொண்டு.

ஸ்டாப்பைப் பற்றி நடைமுறையில் யாரும் சொல்லாத ஒன்று. குறித்த விலையைப் பங்கு தொட்டதும் தானாகவே விற்கும் ஆர்டரை அனுப்பும் GTT-ஐ வாங்கியவுடனே போட்டுவிட்டால் போதும், வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஸ்டாப் 608 ரூபாய் என்று வையுங்கள். தூண்டும் விலை 608, விற்கும் லிமிட் 605 என்று போட்டிருக்கிறீர்கள். மறுநாள் பங்கு 570-இல் திறக்கிறது. 608 தொட்டதாகக் கணக்காகி ஆர்டர் போகும். ஆனால் 605-க்குக் குறைந்து விற்காதே என்பதுதானே அந்த ஆர்டரின் அர்த்தம்? சந்தை 570-இல் ஓட, உங்கள் ஆர்டர் 605-இல் அப்படியே தொங்கும். பங்கு 540 போனாலும் நீங்கள் வெளியே வந்திருக்க மாட்டீர்கள். அதனால் லிமிட்டைத் தாராளமாகக் கீழே, நான் தூண்டும் விலைக்கு ஐந்து சதவீதம் கீழே, வைக்கிறேன். விலை அங்கே இருந்தால் நல்ல விலைக்கே விற்கும், கீழே வைத்ததால் நஷ்டம் கிடையாது. 570 மாதிரி அதற்கும் கீழே திறந்தால் காலையில் நானே பார்த்து மார்க்கெட் விலைக்கு விற்றாக வேண்டும். அதற்காக 9:15-க்குப் போனைக் கையில் வைத்திருப்பேன். இன்னொன்று, விற்கும் பங்கை டிமேட் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள புரோக்கருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் அனுமதிதான் DDPI. அதைக் கொடுக்காதவர்கள், பங்கை விற்க டிபின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் GTT தூண்டப்பட்டால் ஆர்டர் நிராகரிக்கப்படலாம். உங்கள் கணக்கில் எது இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எத்தனை பங்கு. முன்பு 'பங்குக்கு ஐம்பதாயிரம்' என்று பிரித்தபோது ரிஸ்க்கைச் சமமாகப் பிரித்துவிட்டதாக நினைத்தேன். பணத்தைத்தான் சமமாகப் பிரித்திருந்தேன். 640 ரூபாய்க்கு இரண்டு பங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் ஏடிஆர் 16, மற்றொன்றின் ஏடிஆர் 32. 50,000 ரூபாய்க்கு இரண்டிலும் 78 பங்குகள் வரும். முதலாவதின் ஸ்டாப் 32 ரூபாய் கீழே, அதாவது 608. அடிபட்டால் நஷ்டம் 2,496. இரண்டாவதின் ஸ்டாப் 64 ரூபாய் கீழே, 576. நஷ்டம் 4,992. அதே பணம், இரண்டு மடங்கு அடி.

இப்போது திருப்பிப் போடுகிறேன். கையில் மிஞ்சியது 1,60,000. ஒரு வர்த்தகத்தில் அதில் ஒரு சதவீதம், 1,600 ரூபாய், அதற்கு மேல் தோற்கத் தயாரில்லை. அதை ஒரு பங்கின் ஸ்டாப் தூரத்தால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். முதலாவதுக்கு 1,600 வகுத்தல் 32, ஐம்பது பங்கு, முதலீடு 32,000. இரண்டாவதுக்கு 1,600 வகுத்தல் 64, இருபத்தைந்து பங்கு, முதலீடு 16,000. முழு எண் வராவிட்டால் கீழே இறக்கி எடுத்துக்கொள்வது. 32,000 ரூபாய்க்கு வாங்கி அதே அளவுக்கு விற்றால் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம் என்று 64 ரூபாய், அதனுடன் முத்திரைக் கட்டணம், டிபி கட்டணம் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட நூறு ரூபாய் வரும். டெலிவரிக்கு தரகு வாங்காத புரோக்கர் என்றால்.

இந்த ஒரு சதவீதம் உத்தரவாதம் கிடையாது என்பதையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 640-க்கு வாங்கிய ஐம்பது பங்கு 570-இல் திறந்தால், நஷ்டம் 1,600 இல்லை, 3,500. அதனால் ஒவ்வொன்றும் ஒரு சதவீதம் என்றாலும் ஒரே நேரத்தில் நான்கு பங்குக்கு மேல் வைப்பதில்லை. ஒரே குடும்பத்துப் பங்குகள் இரண்டுக்கு மேல் கூடாது. ஜூன் 3 அன்று நான் வாங்கியது பெயருக்குத்தான் நான்கு. வங்கி, மின்சாரம், ரயில் என்று துறை வேறுவேறாக இருந்தாலும், அன்று அந்த நான்கையும் ஏற்றியது ஒரே எதிர்பார்ப்பு. அது கலைந்ததும் நான்கும் சேர்ந்து இறங்கின. குடும்பம் என்று நான் சொல்வது துறையை மட்டும் அல்ல, ஏன் ஏறுகிறது என்ற காரணத்தையும்.

இந்த அளவுக் கணக்கு எனக்கு இன்னொரு விதத்திலும் உதவியது. ஜூன் நஷ்டத்துக்கு அப்புறம் அலுவலகத்தில் ஒரு தம்பி, "அண்ணே, விட்டத டெலிவரில எப்பண்ணே புடிப்பீங்க? நிஃப்டி எஃப் அண்ட் ஓ-ல ஒரு வாரம் போதும்ணே" என்றான். அவன் சொன்ன ஃபியூச்சர், ஆப்ஷன் சந்தையில் லாட் என்ற கட்டாகத்தான் வாங்க முடியும், அப்போது நிஃப்டி ஒரு லாட் 25, அதாவது நிஃப்டி ஒரு புள்ளி நகர்ந்தால் 25 ரூபாய். 1,600-ஐ 25-ஆல் வகுத்துப் பார்த்தேன், 64 புள்ளி. நிஃப்டி ஃபியூச்சரில் 64 புள்ளி ஸ்டாப் என்றால், ஒன்றும் நடக்காத நாளில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அடிபட்டுவிடும். அந்த நவம்பரில் லாட் 75 ஆனபோது அதே கணக்கு 21 புள்ளியாகச் சுருங்கியது. என் முதலுக்கு அந்தச் சந்தை பொருந்தாது என்று முடிவெடுக்க வேறு எந்த வாதமும் தேவைப்படவில்லை. 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் என்றது. அதைத் தம்பிக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

வாங்கும் விதிக்கு வருவோம். 'உடைத்தால்' என்பதற்கு அர்த்தம் எழுதினேன். நடுவில் தொட்டால் போதாது. நிஃப்டி 100-இல் உள்ள பங்கு, முந்தைய 20 வர்த்தக நாட்களின் உச்ச விலைக்கு மேலே அன்றைய நாளை முடிக்க வேண்டும். காலை பத்தரைக்கு உடைத்துவிட்டு மூன்றரைக்குள் பழைய இடத்துக்கே வந்துவிடும் பங்குகளிடம் நான் பலமுறை மாட்டியிருக்கிறேன். முடிந்த விலையைப் பார்த்து மறுநாள் 9:30-க்கும் 10-க்கும் இடையில் வாங்குவேன். அந்த நேரத்தில் நேற்று முடிந்த விலைக்கு மேலே அரை ஏடிஆருக்கு மேல் போயிருந்தால் விட்டுவிடுவேன். 640-இல் முடிந்த, ஏடிஆர் 16 உள்ள பங்கு என்றால் 648 வரைதான். விதி இவ்வளவுதான். இதற்கு மேல் ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி என்று சார்ட்டில் வரும் மற்ற அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தேன். சேர்க்கச் சேர்க்க, பழைய சார்ட்டில் அழகாக இருந்தது, புதிய நாளில் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.

இப்போது கவனியுங்கள். இந்தத் திருத்திய வாங்கும் விதி எனக்கு 2024 ஜூனில் இருந்திருந்தால் தப்பித்திருப்பேனா? மாட்டேன். ஜூன் 3 மாலை அந்தப் பங்குகள் உச்சத்துக்கு மேலேதான் முடிந்தன. ஜூன் 4 காலை துள்ளிக் குதித்துத் திறக்கவும் இல்லை, சற்று இறக்கத்தில்தான் திறந்தன. விதிப்படி ஒன்பதரைக்கு வாங்கியிருப்பேன். நல்ல வாங்கும் விதி, மிக மோசமான நாளில், என்னை நேராக உள்ளே கொண்டுபோய் விட்டிருக்கும். என்னைக் காப்பாற்றியிருக்கக் கூடியது ஒன்றே ஒன்று, 'இன்று வாங்காதே' என்ற விதி.

அதனால் சும்மா இருக்க வேண்டிய நிலைமைகளுக்குத் தாளில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முதலாவது, தேதி தெரிந்த பெரிய நிகழ்வு. தேர்தல் முடிவு, மத்திய பட்ஜெட், அந்தக் கம்பெனியின் காலாண்டு முடிவு, இவை அடுத்த மூன்று வர்த்தக நாட்களுக்குள் இருந்தால் புதிதாக வாங்குவதில்லை. கம்பெனி முடிவு அறிவிக்கப் போகும் போர்டு மீட்டிங் தேதி பங்குச்சந்தை தளத்திலேயே வரும், தேட இரண்டு நிமிடம். சாதாரணமாக என் ஏடிஆர் கணக்கு நேற்றுவரை பங்கு ஆடிய ஆட்டத்தை வைத்துப் போட்டது. நாளை ஒரு அறிவிப்பு வருகிறது என்றால் அந்தக் கணக்கு நாளைக்குச் செல்லாது. அதுதான் காரணம். ஏற்கெனவே கையில் இருக்கும் பங்கு என்ன ஆகும்? அதற்கும் எழுத வேண்டும். லாபத்தில் இருந்தால் அப்படியே விடுகிறேன், வாங்கிய விலைக்குக் கீழே இருந்தால் நிகழ்வுக்கு முந்தைய நாள் பாதியை விற்கிறேன்.

இரண்டாவது, நிஃப்டி தன் 200 நாள் சராசரிக்குக் கீழே முடிந்திருந்தால் புதிதாக வாங்குவதில்லை. இறங்கும் சந்தையில் உச்சத்தை உடைக்கும் பங்குகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுகின்றன. இந்த விதி எழுதி மை காய்வதற்குள் சோதனை வந்தது. 2024 செப்டம்பர் கடைசியில் 26,277 வரை போன நிஃப்டி, நவம்பர் நடுவில் 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கியது. நடுவில் ஏறி, மறுபடி 2025 ஜனவரியில் கீழே போனது. பிப்ரவரி முழுவதும் நான் ஒரு பங்குகூட வாங்கவில்லை. தினமும் மாலை சார்ட்டைப் பார்த்து, குறித்துவிட்டு, மூடுவது. அது கொடுமையான சலிப்பு. பணம் சும்மா கிடக்கிறதே என்ற அரிப்பு. ஏப்ரல் 7 அன்று அமெரிக்க வரி பயத்தில் சந்தை பெரிய இடைவெளியில் கீழே திறந்தபோது என் கையில் எதுவுமில்லை. அன்று ஸ்டாப் வைத்திருந்தவர்களுக்கும் ஸ்டாப் விலை கிடைத்திருக்காது.

இந்த விதிக்கு விலையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அந்த ஏப்ரலில் சந்தை திரும்பி ஏறத் தொடங்கியபோது, நிஃப்டி சராசரிக்கு மேலே வரும்வரை நான் வெளியேதான் நின்றேன். ஏற்றத்தின் முதல் பாகம் எனக்குக் கிடைக்கவில்லை. எப்போதும் கிடைக்காது. சராசரி என்பதே தாமதமாக வரும் தகவல். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றுகிறது, உங்களுக்குத் தோன்றாவிட்டால் வேறு வடிகட்டி வையுங்கள், ஆனால் முன்கூட்டியே வையுங்கள்.

மூன்றாவது என்னைப் பற்றியது. ஒரு மாதத்தில் மொத்தப் பணத்தில் ஐந்து சதவீதம் போய்விட்டால், அந்த மாதம் முடியும்வரை புதிதாக வாங்குவதில்லை. ஸ்டாப்கள் அவற்றின் வேலையைச் செய்யும், நான் மட்டும் ஆர்டர் போட மாட்டேன். விட்டதைப் பிடிக்கும் வெறியில் இருக்கும்போது நான் எப்படிக் கணக்குப் போடுவேன் என்று எனக்கே தெரியும்.

மனைவியிடம் 2025 தொடக்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தாளைக் காட்டினேன். "இதை முன்னாடியே எழுதியிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாள். கோபம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது, அது தனிக் கதை.

பணம் போடுவதற்கு முன் தாளைச் சோதிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு. மென்பொருள் எதுவும் வேண்டாம். ஏதாவது ஐந்தாறு பங்குகளின் தினசரி சார்ட்டை இரண்டு வருடம் பின்னால் தள்ளி, ஒவ்வொரு நாளாக முன்னால் நகர்த்தி, விதிப்படி வாங்கிய இடம், ஸ்டாப், எண்ணிக்கை, விற்ற இடம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாங்க வேண்டிய சிக்னல் வந்தும் விதியால் விட்டவற்றையும் தனிப் பத்தியில் எழுதுங்கள், சும்மா இருக்கும் விதி எவ்வளவு மிச்சப்படுத்தியது, எவ்வளவு தவறவிட்டது என்பது அதில்தான் தெரியும். எடுக்கும் காலத்தில் 2024 ஜூன் 4-உம் 2025 ஏப்ரல் 7-உம் கட்டாயம் இருக்கட்டும். அப்படிப்பட்ட நாட்களில் பங்கு ஸ்டாப்புக்குக் கீழே திறந்திருந்தால், விற்ற விலை என்ற இடத்தில் ஸ்டாப் விலையை எழுதாதீர்கள், அன்று திறந்த விலையை எழுதுங்கள். நான் முதல் தடவை ஸ்டாப் விலையை எழுதியே கூட்டினேன், லாபம் நன்றாக வந்தது. திறந்த விலையைப் போட்டு மறுபடி கூட்டியபோது அதில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. அதற்கு அப்புறம்தான் ஒரு வர்த்தகத்துக்கு இரண்டு சதவீதம் என்று முதலில் எழுதியிருந்ததை ஒன்றாகக் குறைத்தேன்.